லாரி டிரைவர் ஏன் நிலைப்பதில்லை: சங்ககிரி கணக்கு நோட்டில் தெரியும் தவறுகள்

சங்ககிரியில் ஒரு லாரி ஆபீஸில் பல வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி என்று எந்தப் பக்கம் போனாலும் ஓனர்கள் சொல்வது ஒன்றுதான்: "டிரைவர் கிடைக்கறதில்லீங்க." பாதி உண்மை. இன்னொரு பாதி, கிடைத்த டிரைவர் மூன்று நடைக்கு மேல் தங்குவதில்லை என்பது. அது ஏன் என்று நோட்டைப் புரட்டினால் தெரியும். ஆனால் 'டிரைவர் போன செலவு' என்று நோட்டில் தனியாக ஒரு தலைப்பு கிடையாது. டீசலில் கொஞ்சம், டியூவில் கொஞ்சம், வராக்கடனில் கொஞ்சம் என்று அது சிதறிக் கிடக்கும்.

முதல் தவறு, ஓடும் நாளுக்கு மட்டும் கூலி பேசுவது. எங்கள் ஆபீஸின் ஒரு பன்னிரண்டு சக்கர வண்டியை எடுத்துக்கொள்ளலாம். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிப் புனேயில் இறக்கி, நாசிக் பக்கம் போய் வெங்காயம் ஏற்றி ஈரோடு திரும்பும். போக வர சுமார் 2,500 கிலோமீட்டர். ஒரு நடைக்கு டிரைவருக்கு 9,000 ரூபாய் என்று பேச்சு. எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஒன்பது நாள். சாப்பாடு, டீ, குளியல் எல்லாம் அவர் கைக்காசு, நாளைக்கு 350 ரூபாய் போகும். மிச்சம் 5,850, அதாவது நாளைக்கு 650.

இப்போது புனேயில் குடோன் நிறைந்து இரண்டு நாள், நாசிக்கில் லோடு அமையாமல் இரண்டு நாள் நின்றால் அதே நடை பதின்மூன்று நாள் ஆகிவிடும். கூலி அதே 9,000. சாப்பாட்டுச் செலவு 4,550. கையில் நிற்பது 4,450, நாளைக்கு 342 ரூபாய். ஊரில் கட்டட வேலைக்குப் போனால் இதைவிட அதிகம் கிடைக்கும், ராத்திரி வீட்டில் படுக்கலாம். போன வருடம் நின்றுபோன ஒரு டிரைவர் என்னிடம் சொன்னார்: "வண்டி ஓட்டறதுக்குக் குடுக்கறீங்க. வண்டியோட கெடக்கறதுக்கு ஒண்ணும் இல்லீங்களே."

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், வண்டி காத்து நின்ற நாளுக்குச் சில பார்ட்டிகள் ஹால்டிங் பணம் கொடுக்கிறார்கள். அது ஓனர் கணக்கில் வரவாகிவிடும், டிரைவர் வரைக்கும் போவதில்லை. டிரைவருக்கு இது தெரியாது என்று நினைப்பது அடுத்த தவறு. இறக்குமிடத்தில் ரசீது வாங்கி வருபவரே அவர்தானே!

சரி, நின்ற நாளுக்கு 500 ரூபாய் படி கொடுத்தால் எவ்வளவு ஆகும்? வருடம் 28 நடை, சராசரியாக நடைக்கு இரண்டு நாள் காத்திருப்பு என்று வைத்தால் 56 நாள், 28,000 ரூபாய். ஓனருக்கு இது பெரிய தொகையாகத் தெரியும். எதிர்ப்பக்கத்தையும் எழுதிப் பார்க்க வேண்டும். டிரைவர் போய் எட்டு நாள் வண்டி நின்றது. டியூ, இன்சூரன்ஸ், வரி எல்லாம் சேர்த்து நாளைக்கு 2,200 என்றால் 17,600. பழைய டிரைவர் வாங்கியிருந்த அட்வான்ஸில் திரும்பாதது 15,000. புது டிரைவருக்கு வண்டியின் கியரும் பாதையின் ஏற்ற இறக்கமும் பழகுகிற வரை மைலேஜ் 4-லிருந்து 3.7-க்கு இறங்கும். 2,500 கிலோமீட்டருக்கு அது 50 லிட்டர் கூடுதல். லிட்டர் 92 ரூபாய் என்று போட்டால் இரண்டு நடைக்கு 9,200. மொத்தம் 41,800. கிளட்ச் தேய்ந்தது, வராத வாடகை எதையும் இதில் சேர்க்கவில்லை. அந்த வண்டிக்கு ஒரே வருடத்தில் மூன்று டிரைவர் மாறினார்கள். பெருக்கிப் பார்த்து ஓனர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அட்வான்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. 'கடன் இருந்தால் போக மாட்டான்' என்று 50,000 வரை கொடுப்பவர்கள் உண்டு. பக்கத்து ஆபீஸ்காரர் அந்தக் கடனை அடைத்துக் கூட்டிப் போவார், அல்லது டிரைவர் போனையே அணைத்துவிடுவார். இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் மைலேஜ் கணக்கு. குறித்த மைலேஜுக்கு மேல் மிச்சம் பிடித்தால் டீசல் காசு டிரைவருக்கு, குறைந்தால் அவர் கூலியில் பிடித்தம். இந்த முறையில் தப்பில்லை, குறிக்கும் எண்ணில்தான் தப்பு. ஆபீஸின் கெட்டிக்கார டிரைவர் ஒரு நல்ல நடையில் எடுத்த மைலேஜையே எல்லோருக்கும் வைத்துவிடுகிறார்கள். பிடித்தத்துக்குப் பயந்தவர் என்ன செய்வார்? தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும்போது தொப்பூர் இறக்கத்தில் கியரை நியூட்ரலில் தள்ளிவிடுவார். உண்மையில் இப்போதைய வண்டிகளில் கியரில் வைத்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே இறக்கத்தில் டீசல் போவது நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் ஐடிலில் ஓடி டீசல் குடிக்கும். மிச்சமும் இல்லை, இன்ஜின் பிடிப்பும் போய்விடும். முழுப் பாரத்தையும் பிரேக் டிரம்மே தாங்க, அது சூடேறி பிரேக் பிடிக்காமல் போகும். இன்ஜினோடு இணைத்த ஜிபிஎஸ் உள்ள வண்டியில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம்: வேகம் 60 காட்டும்போது ஆர்பிஎம் ஐடில் அளவில் கிடக்கும். அதைப் பார்த்து டிரைவரைத் திட்டுவதற்கு முன்னால் நாம் குறித்த எண்ணைப் பார்க்க வேண்டும். அதே பாதையில், அதே பாரத்தில், டேங்க் நிரப்பி அளந்த மூன்று நடைகளின் சராசரியை வைத்தால் போதும். வெறும் வண்டிக்குத் தனி எண்.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம். நல்ல விஷயம். ஆனால் ஏசி இல்லாத வண்டியின் மைலேஜை இதற்கும் வைத்தால், ஏசி போட்டால் கூலி குறையும் என்று அர்த்தம். சித்திரை வெயிலிலும் அவர் கண்ணாடியை இறக்கித்தான் ஓட்டுவார்.

தூங்கும் இடத்தையும் ஓனர்கள் கணக்கில் எடுப்பதில்லை. ராத்திரி ரோட்டோரம் நிறுத்தினால் டீசலும் தார்ப்பாயும் திருடு போகும், போனால் பொறுப்பு டிரைவருடையது. அதனால் பாதித் தூக்கம்தான். டீசல் போட பங்க் தேர்ந்தெடுக்கும்போது லிட்டருக்கு எத்தனை பைசா தள்ளுபடி என்று மட்டும் பார்க்கிறோம். அங்கே வண்டி நிறுத்த வெளிச்சமான இடம், வாட்ச்மேன், தண்ணீர் வரும் கழிப்பறை, குளிக்க ஒரு மறைப்பு இருக்கிறதா என்று கேட்பதில்லை. இவ்வளவு ஏன், எங்கள் ஷெட்டிலேயே ராத்திரி இரண்டு மணிக்கு வந்து இறங்குகிறவருக்குப் படுக்க இடம் இல்லாமல் இருந்தது. காலையில் எடப்பாடி பஸ் வரும் வரை கேபினிலேயே கொசுக்கடியில் கிடப்பார். டயர் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து இரண்டு கட்டில், மின்விசிறி, கொசுவலை, பக்கத்தில் குளியலறை போட்டோம்.

காத்திருப்புப் படிக்கு ஓனர் ஒருவழியாகச் சம்மதித்ததும் டிரிப் ஷீட்டில் புதிதாக மூன்று கட்டம் சேர்த்தேன்: போய்ச் சேர்ந்த நேரம், இறக்கி முடித்த நேரம், அடுத்த லோடு ஏற்றிய நேரம். முதல் மாதத்து ஷீட்டுகளைக் கூட்டியபோதுதான் ஒன்று தெரிந்தது. குடோனில் நின்றதைவிட, இறக்கிய பிறகு நின்றதுதான் அதிகம். திரும்பும் லோடுக்கு டன்னுக்கு இன்னும் நூறு ரூபாய் ஏறட்டும் என்று இங்கே நாங்கள் பேரம் பேசிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அந்த நாட்களுக்கும் 500 என்று எழுதி நீட்டினேன். மறுநாள் முதல் காலை பதினொரு மணிக்குள் லோடு பேசி முடிக்கச் சொல்லிவிட்டார் ஓனர்.