ஏற்காடு வீட்டு பிரீபெய்டு மீட்டர்: ரீசார்ஜ் செய்த பணம் ஏறாவிட்டால்

சேலத்திலும் ஏற்காட்டிலும் அபார்ட்மென்ட்களில் இருக்கும் பிரீபெய்டு மீட்டர் பெரும்பாலும் ஈபி மீட்டர் அல்ல. கட்டிடத்துக்கு வரும் கரண்டையும் ஜெனரேட்டர் கரண்டையும் வீடுவீடாகப் பிரிக்க அசோசியேஷன் மாட்டிய சப்-மீட்டர். அதனால் பேலன்ஸ் பிரச்சினைக்கு ஈபி ஆபீஸுக்குப் போய்ப் பயனில்லை. அசோசியேஷனையும் மீட்டர் கம்பெனியையும்தான் கேட்க வேண்டும்.

பேலன்ஸ் மூன்று வழியில் குறையும்: ஈபி யூனிட், அதைவிட விலை கூடிய ஜெனரேட்டர் யூனிட், தினமும் பிடிக்கும் நிலைக்கட்டணம். மூன்றாவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஏற்காட்டு வீட்டை மெயின் ஸ்விட்சை அணைத்துப் பூட்டி 40 நாள் ஆகிறது. கிளம்பும்போது பேலன்ஸ் 450 ரூபாய். நிலைக்கட்டணம் நாளுக்கு 15 ரூபாய் என்றால் 600 ரூபாய் பிடித்திருக்கும். மீட்டர் மைனஸ் 150 காட்டும். இப்போது 500 போட்டால் 350தான் தெரியும். மீதி 150 பழைய பாக்கிக்குப் போனது, தொலையவில்லை. ஆகவே ரீசார்ஜுக்கு முன்பே மீட்டர் திரையை ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். பின்னால் பேச அதுதான் ஆதாரம்.

பணம் போய் அரை மணி நேரமாகியும் பேலன்ஸ் மாறவில்லையா? மறுபடி பணம் கட்டாதீர்கள். முதலில் யுபிஐ ஆப்பில் நிலையைப் பாருங்கள். "பெண்டிங்" என்றால் பணம் வங்கிப் பக்கம் நிற்கிறது. கணக்கில் பிடித்தும் கடைக்காரர் பக்கம் உறுதியாகாத பணம் 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும்; அதற்கு மேல் தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கி 2019-இல் வகுத்த விதி.

"சக்சஸ்" என்றால் மீட்டர் ஆப்பில் ரீசார்ஜ் ஹிஸ்டரியைத் திறங்கள். அதில் பதிவாகி மீட்டரில் மட்டும் ஏறவில்லை என்றால், சர்வரிலிருந்து மீட்டருக்குச் செய்தி போகவில்லை. மலையில் இது சகஜம்: மீட்டர்களை இணைக்கும் பெட்டிக்கு சிக்னலோ கரண்டோ இல்லாவிட்டால் எல்லாம் அப்படியே நிற்கும். பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஏறவில்லையா என்று கேளுங்கள். இருவருக்கும் ஏறவில்லை என்றால், பழுது உங்கள் மீட்டரில் இருக்க வாய்ப்பு குறைவு; வாட்ச்மேனிடம் அந்தப் பெட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஹிஸ்டரியிலும் இல்லையென்றால் மீட்டர் எண், தொகை, நேரம், யுபிஐயின் 12 இலக்க யுடிஆர் எண், முன்பு எடுத்த போட்டோ இவற்றோடு கம்பெனிக்கு எழுதுங்கள். வெறும் "பணம் வரவில்லை" என்று எழுதினால் இதையெல்லாம் கேட்டே இரண்டு நாள் ஓடும்.

கீபேட் மீட்டராக இருந்தால் வரும் 20 இலக்க டோக்கனை நீங்களே அழுத்த வேண்டும். தப்பாக அழுத்திவிட்டால் அதே எண்ணை நிதானமாக மறுபடி அழுத்தலாம். ஒரு டோக்கன் ஒரு முறைதான் ஏறும்.

பேலன்ஸ் ஏறியும் விளக்கு எரியவில்லையா? ஜெனரேட்டர் ஓடும்போது கீசரைப் போட்டிருந்தால், அனுமதித்த லோடு தாண்டி மீட்டரே துண்டித்திருக்கும். கீசரை அணைத்துச் சில நிமிடம் பொறுங்கள். சில மீட்டர்களில் பட்டனையும் அழுத்த வேண்டும்.