முதல் சந்திப்புக்குப் பிறகு அனுப்பும் மெயில்

கிருஷ்ணகிரியில் ஒரு மாம்பழக் கூழ் ஆலைக்கு அட்டைப்பெட்டி சப்ளை பற்றிப் பேசிவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அன்று மாலையோ மறுநாள் காலையோ மெயில் போய்விட வேண்டும். சப்ஜெக்டில் வெறும் ‘நன்றி’ போட்டால், பர்ச்சேஸ் மேனேஜர் பிறகு தேடும்போது சிக்காது. ‘3.1 கிலோ டின் பெட்டி: சாம்பிள், கொட்டேஷன்’ என்று எழுதுங்கள். மெயில் இவ்வளவு இருந்தால் போதும்:

“வணக்கம் சார். இன்று நேரம் ஒதுக்கியதற்கும், குடோனில் அடிவரிசைப் பெட்டிகள் நசுங்குவதை நேரில் காட்டியதற்கும் நன்றி. ஆறு டின் பிடிக்கும் 5 பிளை, 7 பிளை சாம்பிள்களை வியாழக்கிழமை நாங்கள் கொண்டுவருகிறோம். எத்தனை வரிசை அடுக்குவீர்கள், மாதம் எத்தனை பெட்டி தேவை என்பதைப் புதன்கிழமைக்குள் நீங்கள் தெரிவித்தால், சனிக்கிழமை கொட்டேஷன் அனுப்புகிறோம். நான் ஏதாவது தவறாகக் குறித்திருந்தால் சொல்லுங்கள்.”

ஒவ்வொரு வேலைக்கும் ஆளும் நாளும் இருப்பதைக் கவனியுங்கள். ‘விரைவில் பேசுவோம்’ என்று முடித்தால் அவர் உங்களுக்காகவும் நீங்கள் அவருக்காகவும் காத்திருப்பீர்கள். நேரில் முடிவாகாத விலையையோ கடன் நாட்களையோ முடிவானதுபோல் எழுதவே கூடாது. நம்பிக்கை அங்கேதான் உடையும். புதன் மாலைவரை பதில் வராவிட்டால், புது மெயில் வேண்டாம். அதே மெயிலுக்கு ரிப்ளை போட்டு, அந்த இரண்டு விவரங்களை மட்டும் கேளுங்கள்.