எண் தொடரில் விதியைக் கண்டுபிடிப்பது: வித்தியாசம், விகிதம், ஒன்றுவிட்டு ஒன்று

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தாளில் 200 கேள்விகள், மூன்று மணி நேரம். கேள்விக்கு 54 நொடிதான் கிடைக்கிறது. அதில் திறனறிவுப் பகுதிக்கு 25 கேள்விகள். அங்கே எண் தொடர் வந்தால் சிலர் எண்களை முறைத்துப் பார்த்துக்கொண்டே இரண்டு நிமிடத்தைக் கரைத்துவிடுகிறார்கள். இன்னும் சிலர் முதல் மூன்று எண்ணைப் பார்த்ததுமே ஒரு விதியை முடிவுசெய்து, கிடைத்த விடையைக் குறித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இந்த இரண்டாவது வகைதான் எனக்குக் கவலை. நேரம் போனவருக்கு நேரம் போனது தெரியும். தவறான விதியைப் பிடித்தவருக்குத் தான் தவறியதே தெரியாது.

மதுரை நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்திலிருந்தெல்லாம் தேர்வுக்குப் படிக்க வருகிறார்கள். அங்கே படிக்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் வரிசை இதுதான். கூட்டல், பெருக்கல், வர்க்க எண்கள் தெரிந்தால் போதும்.

முதல் படி: கணக்குப் போடாமல் ஒரு பார்வை

பேனாவை எடுக்கும் முன் மூன்றே விஷயம் பாருங்கள். எண்கள் மெதுவாக ஏறுகின்றனவா? கடைசியில் திடீரென்று பெரிதாகிவிடுகின்றனவா? ஏறி இறங்கி ஏறுகின்றனவா? மெதுவாக ஏறினால் வித்தியாசம் எடுக்க வேண்டும். எகிறினால் விகிதம். ஏறி இறங்கினால், ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். இது எங்கே தொடங்குவது என்று காட்டுமே தவிர, விடையைத் தந்துவிடாது.

இரண்டாம் படி: வித்தியாச வரி

7, 11, 18, 28, 41, ? என்று ஒரு தொடர். மெதுவான ஏற்றம். ஒவ்வோர் எண்ணிலிருந்தும் அதற்கு முந்தையதைக் கழித்துக் கீழே எழுதுங்கள். மனத்துக்குள் வைத்துக்கொள்ள வேண்டாம். எழுதவே எழுதுங்கள்.

```
7   11   18   28   41   ?
  4    7   10   13
     3    3    3
```

முதல் வித்தியாச வரி சமமாக இல்லை. அதற்கு இன்னொரு வரி எடுத்தால் 3, 3, 3. அப்படியானால் அடுத்த வித்தியாசம் 13 + 3 = 16, விடை 41 + 16 = 57.

இரண்டாவது வரியும் சமமாக வரவில்லை என்றால் மூன்றாவதுக்கு ஓடாதீர்கள். முதல் வித்தியாச வரிக்கே திரும்பி, அது தெரிந்த வரிசையா என்று பாருங்கள். 5, 6, 10, 19, 35, ? என்பதில் வித்தியாசங்கள் 1, 4, 9, 16. இவை வர்க்க எண்கள், அடுத்தது 25, விடை 60. 3, 7, 15, 31, 63, ? என்பதில் வித்தியாசங்கள் 4, 8, 16, 32. இரட்டிப்பாகிக்கொண்டே போகிறது, அடுத்தது 64, விடை 127. இதையே ‘இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டு’ என்று பார்த்தவருக்கும் 127தான் வரும். வெவ்வேறு வழியில் போய் ஒரே விடைக்கு வந்தால் சந்தேகம் வேண்டாம், குறித்துவிட்டு நகருங்கள்.

மூன்றாம் படி: விகிதம், அதோடு ஒரு பொறி

இந்தத் தொடரில் கொஞ்சம் நிதானமாக நிற்போம்.

```
4   4   6   12   30   ?
```

வித்தியாசம் எடுப்பவருக்கு 0, 2, 6, 18 கிடைக்கும். 2, 6, 18 என்று பார்த்ததும் கண் பளிச்சென்று விரியும்: மூன்று மடங்கு! அடுத்தது 54, விடை 84. விடைகளின் பட்டியலில் 84-ம் இருந்துவிட்டால் முடிந்தது கதை.

ஆனால் அந்த முதல் 0? அதை மூன்றால் பெருக்கினால் 0தான் வரும், 2 வராது. விதி மூன்று வித்தியாசங்களுக்குப் பொருந்தி, ஒன்றை அப்படியே ஒதுக்கிவைத்திருக்கிறது. ‘முதல் எண் மட்டும் விதிவிலக்கு’ என்று நம்மை நாமே சமாதானப்படுத்திக்கொள்ளும் இடம் இதுதான். எண் தொடரில் விதிவிலக்கு கிடையாது. ஓர் எண் வெளியே நின்றாலும் நாம் பிடித்தது கேள்வி கேட்டவர் நினைத்த விதி இல்லை.

இப்போது ஒவ்வோர் எண்ணையும் முந்தைய எண்ணால் வகுத்துப் பாருங்கள். 4 ÷ 4 = 1. 6 ÷ 4 = 1.5. 12 ÷ 6 = 2. 30 ÷ 12 = 2.5. விகிதம் ஒவ்வொரு முறையும் அரை அரையாகக் கூடுகிறது, யாரும் வெளியே நிற்கவில்லை. அடுத்தது 3, விடை 30 × 3 = 90.

84-க்கும் 90-க்கும் நடுவே தீர்ப்புச் சொன்னது அந்த 0. இதிலிருந்து நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: விதியை ஊகிக்க இரண்டு மூன்று எண்களை எடுத்துக்கொண்டால், அந்த ஊகத்தில் கலந்துகொள்ளாத ஓர் எண்ணாவது அதற்குச் சாட்சி சொல்ல வேண்டும். சாட்சி இல்லாத விதியை நான் குறிப்பதில்லை.

விகிதம் எப்போதும் இப்படி அழகாக வந்துவிடாது. 2, 5, 16, 65, 326, ? என்பதைப் பாருங்கள். எகிறுகிறது, ஆகவே விகிதம். 5 ÷ 2 = 2.5, 16 ÷ 5 = 3.2. ஒன்றும் பிடிபடவில்லையே என்று பலர் இங்கேயே விட்டுவிடுகிறார்கள். இப்படி வந்தால் தொடரை வலது பக்கத்திலிருந்து பாருங்கள். 326-ஐ 65-ஆல் வகுத்தால் ஐந்து முறை போய், மீதி 1. 65-ஐ 16-ஆல் வகுத்தால் நான்கு முறை, மீதி 1. இப்போது வெளிச்சம் வந்துவிட்டது: 5-ஆல் பெருக்கி 1 கூட்டு, அதற்கு முன் 4-ஆல் பெருக்கி 1 கூட்டு. சாட்சிக்கு இடது பக்கம் போவோம். 5 × 3 + 1 = 16, 2 × 2 + 1 = 5. சரி. விடை 326 × 6 + 1 = 1957.

வலது பக்கம் ஏன் என்றால், கூட்டப்படும் அந்தச் சின்ன 1, சின்ன எண்களில் விகிதத்தை ரொம்பவே கெடுத்துவிடும். 2-க்குப் பக்கத்தில் 1 பெரிய விஷயம். 65-க்குப் பக்கத்தில் அது தெரியவே தெரியாது.

நான்காம் படி: ஒன்றுவிட்டு ஒன்று

மல்லியும் கனகாம்பரமும் மாற்றி மாற்றிக் கட்டிய சரம்போல, இரண்டு தொடர்களை ஒன்றாகக் கோர்த்துக் கொடுப்பது இந்த வகை.

```
12   40   15   36   19   32   24   ?
```

ஏறி இறங்குவதே முதல் அடையாளம். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழாம் இடங்களில் 12, 15, 19, 24. இவை 3, 4, 5 என்று கூடுகின்றன. இரண்டு, நான்கு, ஆறாம் இடங்களில் 40, 36, 32. இவை நான்கு நான்காகக் குறைகின்றன. கேள்விக்குறி எட்டாம் இடத்தில், அதாவது குறையும் வரிசையில். விடை 28. விதியைச் சரியாகப் பிடித்துவிட்டு, 24-ஐ அடுத்து 6 கூட்டி 30 என்று குறிப்பவர்கள் நிறைய. எந்த வரிசையில் கேள்விக்குறி நிற்கிறது என்று விரல் வைத்து எண்ணிவிடுங்கள்.

இரண்டு தொடருமே ஏறிக்கொண்டிருந்தால் அடையாளம் அவ்வளவு சுலபமாகத் தெரியாது. 3, 4, 6, 8, 12, 12, 24, 16, ? என்பதில் முதல் ஐந்து எண்கள் ஒழுங்காக ஏறுகின்றன. அப்புறம் 12, 12 என்று ஒரே எண் இரண்டு முறை வருகிறது, 24-க்குப் பிறகு 16-க்கு இறங்குகிறது. இப்படி நடுவில் ஒரு தடுமாற்றம் தெரிந்தால் பிரித்துவிடுங்கள்: 3, 6, 12, 24 ஒரு பக்கம், 4, 8, 12, 16 மறுபக்கம். விடை 48. இன்னொரு அடையாளம் நீளம். ஏழெட்டு எண்கள் கொடுத்திருந்தாலே எனக்கு இந்த வகையின்மீது சந்தேகம் வந்துவிடும். ஒரே விதிக்கு அவ்வளவு எண்கள் தேவைப்படுவதில்லை.

ஏறி இறங்குவதெல்லாம் இரண்டு தொடர்தான் என்றும் இல்லை. 5, 10, 7, 14, 11, 22, 19, ? என்பதில் ‘இரண்டால் பெருக்கு, மூன்றைக் கழி’ என்று ஒரே தொடர் மாறி மாறி நடக்கிறது, விடை 38. இதைப் பிரித்துப் போட்டாலும் 10, 14, 22 என்பதில் வித்தியாசம் 4, 8, அடுத்து 16 என்று அதே 38 வரும். ஆனால் பிரித்துப் போட்டவரிடம் இரண்டே வித்தியாசங்கள்தான் இருக்கின்றன. பெருக்கிக் கழித்தவரிடம் ஆறு அடிகளும் சாட்சியாக நிற்கின்றன.

அந்த வேறுபாடு எங்கே உறுத்தும் என்பதற்கு ஒன்று:

```
2   3   10   6   18   12   26   ?
```

ஒரு வரிசை 2, 10, 18, 26. எட்டு எட்டாகக் கூடுகிறது. மற்றது 3, 6, 12. இரட்டிப்பு என்றால் விடை 24. ஆனால் 3 கூட்டி, 6 கூட்டி, அடுத்து 9 கூட்டினால் 21. நூலகத்தில் ஒரு தம்பி இதைப் போட்டுப் பார்த்துவிட்டு, “அண்ணே, ரெண்டுமே சரியாத்தானே வருது, எதைப் போடுறது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. மூன்று எண்களை வைத்துக்கொண்டு இதைத் தீர்க்க முடியாது. சாட்சி சொல்ல நான்காவது எண் இல்லை. 24 மட்டும் விடைப் பட்டியலில் இருந்தால் 24, 21 மட்டும் இருந்தால் 21. இரண்டும் இருந்தால் நான் 24 போடுவேன். ‘இரண்டால் பெருக்கு’ என்பது ஒரே எண்ணை வைத்துச் சொல்லிவிடக்கூடிய விதி. மற்றதற்கு 3-இல் தொடங்கு, மூன்று மூன்றாகக் கூடு என்று இரண்டு தகவல் தேவைப்படுகிறது. கேள்வி எழுதுபவர்கள் பெரும்பாலும் எளிய விதியைத்தான் மனத்தில் வைத்து எழுதுகிறார்கள். இது உறுதியான நிரூபணம் இல்லை, நல்ல ஊகம், அவ்வளவுதான்.

பொருந்தாத எண் கேட்டால்

‘தவறான எண்ணைக் கண்டுபிடி’ என்ற கேள்விக்கும் வித்தியாச வரிதான். 8, 13, 20, 29, 42, 53, 68 என்பதில் வித்தியாசங்கள் 5, 7, 9, 13, 11, 15. ஓர் எண் தவறினால் அதன் இரு பக்கத்து வித்தியாசங்களும் கெடும். இங்கே கெட்டவை 13, 11. இரண்டுக்கும் நடுவில் நிற்பது 42. அது 40 ஆக இருந்தால் வரி 5, 7, 9, 11, 13, 15 என்று நேராகிவிடும். முதல் எண்ணோ கடைசி எண்ணோ தவறாக இருந்தால் ஒரே வித்தியாசம்தான் கெடும்.

போட்டுப் பார்க்க மூன்று

6, 9, 15, 24, 36, ?

1, 1, 3, 15, 105, ?

1, 3, 8, 19, 42, ?

முதலாவது 51: வித்தியாசங்கள் மூன்று மூன்றாகக் கூடுகின்றன. இரண்டாவது 945: விகிதங்கள் 1, 3, 5, 7, அடுத்து 9. மூன்றாவதில் வித்தியாசங்கள் 2, 5, 11, 23. ஒவ்வொன்றும் முந்தையதன் இரட்டிப்போடு ஒன்று. அடுத்தது 47, விடை 89.