நேரடி வரியா, மறைமுக வரியா: சம்பளச் சீட்டையும் கடைப் பற்றுச்சீட்டையும் வைத்துப் பிரித்தறிதல்

ஹட்டனில் வேலை பார்க்கும் என் தம்பி, தன் சம்பளத்தில் வெட்டப்படும் வரியை நிறுவனமே இறைவரித் திணைக்களத்துக்குச் செலுத்துவதால் அதை மறைமுக வரி என்றே எண்ணியிருந்தான். பாடப்புத்தகத்தின் வரைவிலக்கணத்தை ஒப்புவிப்பவர்களும் இந்த இடத்தில் தடுமாறுவதால், இப்பதிவு பெரும்பாலும் அதைப் பற்றியதே.

இதற்கு ஒரு சம்பளச் சீட்டும், வற் வரி தனியாகக் காட்டப்பட்ட ஒரு பற்றுச்சீட்டும் ஒரு வெற்றுத்தாளும் போதும். இணையத்திலுள்ள வரிக் கணிப்பான்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் முதலில் மாதச் சம்பளம் 1,50,000 ரூபா என்று இட்டுப் பாருங்கள். 2025 ஏப்ரல் முதல் அந்தத் தொகைக்கு வருமான வரி இல்லை. 3,500 ரூபா வரி என்று காட்டினால் அது பழைய விலக்கு எல்லையில் நிற்கிறது.

முதற்படியாக, வரியல்லாதவற்றை நீக்குங்கள். ஊழியர் சேமலாப நிதிக்காக வெட்டப்படும் 8 சதவீதம் உங்கள் பெயரில் சேரும் பணம் என்பதால் அது எந்த வரியிலும் சேராது.

இரண்டாவதாக, அத்தொகை எதன்மீது கணக்கிடப்பட்டது என்று பாருங்கள். தேயிலைத் தொழிற்சாலை அதிகாரி ஒருவருக்கு மாதம் 2,00,000 ரூபா சம்பளம் என்று கொள்வோம். ஆண்டுக்கு 24 இலட்சம். விலக்கான 18 இலட்சத்தைக் கழித்தால் 6 இலட்சம். முதல் 10 இலட்சம் வரை 6 சதவீதம் என்பதால் ஆண்டு வரி 36,000, மாதத்துக்கு 3,000 ரூபா. இனி அவர் நுவரெலியாவில் 10,000 ரூபா பெறுமதியான மின்கேத்தல் ஒன்றை வாங்கினால் 18 சதவீத வற் வரியுடன் 11,800 ரூபா கொடுப்பார். அதே கேத்தலை வாங்கும் கொழுந்து பறிக்கும் அக்காவும் அந்த 1,800 ரூபாவைக் கொடுத்தே ஆக வேண்டும். முதலாவது வரி ஆளின் வருமானத்தைப் பார்த்தது; இரண்டாவது, வாங்குபவர் யாரென்று கேட்கவேயில்லை.

மூன்றாவது படிதான் தம்பியைக் குழப்பியது. பணத்தைத் திணைக்களத்தில் கட்டுபவர் யார் என்பதை வைத்து முடிவெடுக்க முடியாது, ஏனெனில் இரண்டிலும் கட்டுபவர் இன்னொருவர்தான். கட்டப்பட்ட பணம் யாருடைய கணக்கில் வரவாகிறது என்று கேளுங்கள். சம்பளத்தில் வெட்டிய 36,000 ரூபா, அதிகாரியின் வரி செலுத்துநர் அடையாள இலக்கத்தின் கீழ் அவர் ஏற்கெனவே செலுத்திய வருமான வரியாகவே கொள்ளப்படும். ஆண்டிறுதியில் நிறுவனம் கொடுக்கும் சான்றிதழைக் காட்டி, விவரத்திரட்டில் அதைக் கழித்துக்கொள்ளலாம். ஆகவே அது நேரடி வரி.

கேத்தலின் 1,800 ரூபாவை அவர் எந்த விவரத்திரட்டிலும் கழிக்க முடியாது. ஆனால் வற் வரிக்குப் பதிவு செய்த கடைக்காரர், கேத்தலை மொத்த வியாபாரியிடம் 9,000 ரூபாவுக்கு வாங்கியபோது கொடுத்த 1,620 ரூபாவைக் கழித்துவிட்டு, மீதி 180 ரூபாவை மட்டுமே செலுத்துவார். அவருடைய கையிலிருந்து எதுவும் போகவில்லை. முழுச் சுமையும் கடைசியாக வாங்கியவர்மீது இறங்கியது. மறைமுக வரியின் அடையாளம் இதுவே. வங்கி நிலையான வைப்பின் வட்டியில் பிடிக்கப்படும் 10 சதவீதத்தையும் இதே கேள்வியால் சோதித்தால், அது நேரடி வரி என்பது விளங்கும்.

பெயரை நம்பி ஏமாறக் கூடியது சமூகப் பாதுகாப்பு பங்களிப்பு வரி. சம்பளத்தில் வெட்டுவதைப் போன்ற பெயர் அதற்கு இருந்தாலும், 2022 ஒக்டோபரில் வந்த இந்த 2.5 சதவீதம் வியாபாரத்தின் புரள்வைப் பார்த்தே விதிக்கப்படுகிறது. இலாபம் வந்ததா, நட்டமா என்று அது பார்ப்பதில்லை. வியாபாரி அதை விலையில் ஏற்றிவிடுவார். எனவே மறைமுக வரிகளின் பக்கத்தில் எழுதுங்கள்.

பிற்சேர்க்கை: பற்றுச்சீட்டில் வற் வரி தனியாக இல்லாவிட்டால் வரியே இல்லையா என்று சிலர் கேட்டிருந்தார்கள். வரி விலைக்குள் அடங்கியிருக்கக் கூடும். அப்படி அடங்கிய விலை 1,180 ரூபா என்றால், அதை 118ஆல் வகுத்து 18ஆல் பெருக்குங்கள். வரி 180 ரூபா. நேரே 18 சதவீதம் கண்டால் 212 ரூபாவுக்கு மேல் வந்து பிழைக்கும். பதிவு செய்யாத சிறு கடை வற் வரி அறவிடக் கூடாது. எனினும் அந்தக் கடைக்காரர் மொத்த வியாபாரிக்குக் கொடுத்த வரியைத் திரும்பப் பெற முடியாததால், அது விலையோடு கலந்தே நம்மிடம் வரும்.

நகர சபைக்குக் கட்டும் மதிப்பீட்டு வரியை வீட்டுக்காரர் வாடகையில் ஏற்றிவிட்டால் அது மறைமுக வரியாகாதா என்ற கேள்வியும் வந்தது. ஆகாது. அவ்வரி ஆதனத்தின் பெறுமதியைப் பார்த்து விதிக்கப்படுவது, வீடு வெறுமையாகக் கிடந்தாலும் உரிமையாளர் கட்ட வேண்டியது. வாடகையைக் கூட்டுவது அவருக்கும் வாடகைக்கு இருப்பவருக்கும் இடையிலான பேரம். ஹட்டனில் காலியான வீடுகள் கூடினால் அந்தப் பேரம் அவருக்குப் படியாமலும் போகலாம்.