கடனுக்குச் சரக்கு கேட்கும் கடிதம்: தவணைக் கணக்கில் வரும் தவறுகள்

மொத்த வியாபாரிக்குக் கடிதம் எழுத உட்காரும் பலர் முதல் பாதியைக் கஷ்டக் கணக்கிலேயே நிரப்பிவிடுகிறார்கள். வாடகை ஏறிவிட்டது, வியாபாரம் மந்தம், வீட்டில் செலவு என்று வரிசையாக எழுதுவார்கள். படிப்பவருக்கு இரக்கம் வரலாம். கூடவே, "இவரிடம் பணம் எப்படித் திரும்பி வரும்?" என்ற பயமும் வரும். அவர் தேடுவது கடைசிப் பத்தியில் இருக்கும் தவணை விவரத்தை. அங்கேதான் பெரும்பாலும் "சரக்கு விற்றதும் சீக்கிரம் தந்துவிடுகிறேன்" என்று ஒரே வரியில் முடிந்திருக்கும். சீக்கிரம் என்பதை எந்தக் கணக்கு நோட்டிலும் எழுதி வைக்க முடியாது.

தேதியும் தொகையும் போட்டு எழுதுகிறவர்கள்கூட இன்னொரு இடத்தில் சறுக்குகிறார்கள். கல்லாவில் விழுவதையெல்லாம் தவணைக்கு ஆகும் பணமாக எண்ணிக்கொள்வதுதான் அது. ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். கேட்கும் சரக்கின் கொள்முதல் மதிப்பு 60,000. அந்தச் சரக்கு வாரத்துக்கு 20,000 அளவுக்கு விற்கும். கடைக்காரர் மனக்கணக்குப் போட்டு, "வாரம் 20,000 வீதம் மூன்றே வாரத்தில் அடைத்துவிடுகிறேன்" என்று எழுதுகிறார். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விற்பனையில் நூற்றுக்குப் பதினைந்து லாபம் என்றால், அந்த 20,000-இல் சரக்கின் அசல் 17,000தான். மீதி 3,000 வாடகைக்கும் மின்கட்டணத்துக்கும் வீட்டுக்கும் போய்விடும். முதல் வாரமே தவணையில் 3,000 குறையும். அல்லது அதற்காக வேறொருவரிடம் கைமாற்று வாங்க வேண்டியிருக்கும்.

17,000 என்று திருத்திக்கொண்டாலும் போதாது, ஏனென்றால் அது நல்ல வாரத்தின் கணக்கு. கடந்த மூன்று மாத விற்பனையைப் புரட்டி, மிக மந்தமான வாரம் எது என்று பாருங்கள். அது 15,000 என்று வைத்துக்கொண்டால், அசல் 12,750. ஆகவே தவணையை 12,000 என்று வைத்து, ஐந்து வாரம் எழுதுங்கள். மந்தமான வாரத்திலும் இது கைக்கு எட்டும். சாதாரண வாரத்தில் 5,000 மிஞ்சும், அதை வைத்து விற்றுத் தீர்ந்த சரக்கை ரொக்கத்துக்கு வாங்கலாம். இந்த மிச்சம் இல்லாமல் போட்ட திட்டத்தில் மூன்றாவது வாரம் அலமாரி காலியாகும். வேகமாகப் போகும் சரக்கு முதலில் தீர்ந்து, நகராத சரக்கு மட்டும் நிற்கும். அப்போது விற்பனை விழும், தவணையும் விழும். மூன்று வாரத்தை விட ஐந்து வாரம் நீளம்தானே என்று தயங்க வேண்டாம். மொத்த வியாபாரியும் தன் கொள்முதலுக்குத் தேதி சொல்லித்தான் பணம் கட்டுகிறார். நீண்ட தவணையில் வரும் பணத்தை அவரால் சமாளிக்க முடியும், சொன்ன நாளில் வராத பணம்தான் அவரைத் தடுமாற வைக்கும்.

பழைய பாக்கியை எழுதாமல் விடுவதும் அடிக்கடி நடக்கிறது. அவர் பேரேட்டில் அது இருக்கத்தான் போகிறது. கடிதத்தில் இல்லையென்றால் மறைத்ததாகத்தான் தெரியும். இன்ன பில்லில் இவ்வளவு பாக்கி, அதை இன்ன தேதியில் முதலில் தீர்க்கிறேன், புதிய தவணை அதற்குப் பிறகு தொடங்கும் என்று பிரித்து எழுதுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால், நீங்கள் கொடுக்கும் முதல் பணத்தை அவர் பழைய கணக்கில் வரவு வைப்பார், நீங்கள் புதிய கணக்கு என்று நினைத்திருப்பீர்கள். சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும்.

சரக்கையும் பொத்தாம்பொதுவாகக் கேட்காதீர்கள். பெயர், அளவு, எத்தனை பெட்டி என்று ஒரு பட்டியலைத் தனித்தாளில் இணைத்தால் போதும். கணக்கில் பணம் இருக்கும் என்ற உறுதி இல்லாமல் பின்தேதியிட்ட செக் தருவதாக எழுதாதீர்கள். செக் திரும்பினால் அடுத்த கடிதத்தை அவர் பிரித்துக்கூடப் பார்க்கமாட்டார்.

தவணைப் பத்தி இப்படி இருந்தால் போதும்:

"ஐயா, இணைத்துள்ள பட்டியலின்படி 60,000 மதிப்புள்ள சரக்கைக் கடனுக்குத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். சரக்கு வந்த நாளிலிருந்து ஒவ்வொரு ஏழாம் நாளும் 12,000 வீதம் ஐந்து தவணைகளில் செலுத்திவிடுகிறேன். எனது மிக மந்தமான வாரத்தின் விற்பனையை வைத்தே இந்தத் தொகையைக் கணக்கிட்டேன். இடையில் தேவைப்படும் சரக்கை ரொக்கத்துக்கே வாங்கிக்கொள்கிறேன். ஏதேனும் ஒரு தவணையில் குறைவு வரும் எனத் தெரிந்தால், இரண்டு நாள் முன்பே நேரில் வந்து சொல்கிறேன்."

கடைசி வாக்கியத்தை எழுதத் தயங்குகிறவர்கள் உண்டு, நாமே சந்தேகத்தைக் கிளப்புவானேன் என்று. தவணை தவறியவர் கடைப்பக்கமே வராமல் போவதைப் பலமுறை பார்த்தவர்தான் அதைப் படிக்கப் போகிறார்.