சிறுநீர்க்கான் கல்லை சீ.ரி.யில் அளக்கும்போது விடும் பிழைகள்

போன கிழமை ஒரு இளம் வைத்தியர் ஸ்கான் அறை வாசலில் நின்று, "அக்கா, கல்லு 5 மில்லிமீற்றர்தான். தண்ணி குடிக்கச் சொல்லி வீட்டை அனுப்பட்டா?" என்று கேட்டார். எந்தப் படத்தில் அளந்தீர்கள் என்றேன். "திறந்தவுடனே வந்த படத்திலதான்." நானும் தொடக்கத்தில் அப்படித்தான் அளந்தேன். அதன் விலையை வேறொருவர் கொடுத்தார்.

வலது இடது மாறுவது, பெயர் மாறுவது போன்றவற்றை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை யாராவது பிடித்துவிடுவார்கள். பிடிபடாமல் போகிற பிழைகள்தான் என் கவலை.

குறுக்கு வெட்டில் மட்டும் அளப்பது

ஒட்டுசுட்டான் பக்கத்துக் கமக்காரர் ஒருவர், வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். மாசி மாதம், அறுவடை நேரம். இடது விலாவில் வலி வந்து சீ.ரி. எடுத்தோம். கல் சிறுநீர்க்கானின் மேல் பகுதியில், மூன்றாவது இடுப்பு முள்ளென்பின் மட்டத்தில் இருந்தது. குறுக்கு வெட்டுப் படத்தில் கோடு இழுத்தேன், 5.4 என்று வந்தது. "5 மில்லிமீற்றர் கல், தானாக வெளியேற வாய்ப்புண்டு" என்று எழுதினேன். வாட்டில் மாத்திரை கொடுத்து, நான்கு கிழமையில் கிளினிக்குக்கு வரச் சொன்னார்கள்.

ஒரு கிழமையில் வலி குறைந்துவிட்டது. கல் போய்விட்டது என்று அவர் நினைத்தார். நெல்லு வயலில் நிற்க, பஸ் ஏறி கிளினிக்குக்கு வர யாருக்கு நேரம்? மூன்றாம் மாதம் விலாவில் ஒரு மந்தமான நோவோடு வந்தார். கல் அதே இடத்தில் இருந்தது. சிறுநீரகம் வீங்கி, அதன் புறணி மெலியத் தொடங்கியிருந்தது. இந்த முறை நிமிர்வெட்டில், அதாவது ஆளை முன்னால் நின்று பார்ப்பது போன்ற கொரோனல் படத்தில், அளந்தேன். நீளம் 11 மில்லிமீற்றர்.

கல் வளரவில்லை. பழைய ஸ்கானை எடுத்துப் பார்த்தேன். அதிலும் அது 11 தான். பேரீச்சங்கொட்டை மாதிரி ஒடுங்கி நீண்ட கல். சிறுநீர்க்கான் மேலிருந்து கீழே ஓடுகிற குழாய், அதற்குள் சிக்கும் கல்லும் பெரும்பாலும் அந்தத் திசையிலேயே நீண்டு கிடக்கும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் கொட்டையின் தடிப்புத்தான் தெரியும், நீளம் தெரியாது.

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது வேறொன்று. துப்பு என் கண் முன்னாலேயே இருந்தது. எங்கள் படங்கள் 5 மில்லிமீற்றர் தடிப்பில் வருபவை. அந்தக் கல் அடுத்தடுத்த மூன்று படங்களில் தெரிந்தது. நடுப்படத்தை முழுதாகக் கடந்து, இரண்டு பக்கமும் கொஞ்சமாவது நீட்டினால்தான் மூன்றில் தெரியும். ஆகவே நீளம் 5 க்கு மேல், 15 க்குள். 5.4 என்ற ஒற்றை எண்ணை எழுத முதல் விரல் விட்டு எண்ணியிருந்தாலே போதும். இரண்டு படத்தில் மட்டும் தெரிந்தாலும் நிம்மதி இல்லை, அது 10 வரை போகலாம்.

சரி, எப்படி அளப்பது? 5 மில்லிமீற்றர் படங்களை அடுக்கிக் கொரோனல் செய்தால் கல்லின் ஓரம் படிக்கட்டு மாதிரி வரும், அதில் அளப்பதில் பயனில்லை. ஸ்கான் எடுத்த அன்றே ரேடியோகிராபரிடம், "அண்ணை, இதை 1 மில்லிமீற்றரிலை திருப்பிப் போட்டுத் தாங்கோ" என்று கேளுங்கள். மூலத்தரவு இயந்திரத்தில் சில நாட்கள்தான் இருக்கும். அதற்குப் பிறகு கேட்டால் அவரும் கையை விரிப்பார். மெல்லிய படங்கள் கையில் கிடைத்ததும், எந்தச் சாய்விலும் வெட்டிப் பார்க்க விடும் MPR இல் கல்லின் நீட்டுப்போக்குக்கு ஏற்றபடி கோட்டைச் சரித்து அளக்க வேண்டும். இலியாக் நாளங்களைக் கடக்கும் இடத்தில் கான் வளைந்து போவதால், அங்கே நேரான கொரோனலும் ஏமாற்றும். கீழே சிறுநீர்ப்பைக்குள் நுழையும் இடத்தில் கதை தலைகீழ். கான் அங்கே உள்நோக்கிச் சரிந்து போவதால், நீளம் குறுக்கு வெட்டிலேயே தெரிந்துவிடலாம்.

றிப்போட்டில் அகலம், நீளம் இரண்டையும் எழுதுங்கள். குழாயின் ஒடுங்கிய இடங்களால் நுழைய முடியுமா என்பதற்கு அகலம் உதவும். காத்திருப்பதா, எடுப்பதா என்று சத்திரசிகிச்சை நிபுணர் யோசிக்கும் 10 மில்லிமீற்றர் எல்லை, கல்லின் மிக நீண்ட அளவை வைத்துத்தான்.

அந்தக் கமக்காரருக்குக் கல்லை உடைத்து எடுத்தார்கள். புறணி பழையபடி தடிக்கவில்லை.

மென்திசு விண்டோவில் அளப்பது

இது எதிர்த்திசைப் பிழை. திறந்தவுடன் வரும் படத்தில் விண்டோவின் வீச்சு W பெரும்பாலும் 400, அதன் நடு L 40. அதில் சீ.ரி. அடர்த்தி எண் 240 HU க்கு மேலே எல்லாமே ஒரே வெள்ளை. கல்லின் ஓரத்துப் புள்ளியில் பாதி கல், பாதி திசு. 1000 HU கல்லென்றால் அந்தப் புள்ளி ஏறக்குறைய 500 காட்டும். அதுவும் வெள்ளையாகி, கல் தடித்துத் தெரியும். எலும்பு விண்டோவுக்குப் போய் W 1120, L 300 வைத்து, படத்தை ஐந்து மடங்கு பெரிதாக்கி அளந்தால் ஓரம் எங்கே முடிகிறது என்று வடிவாகத் தெரியும். சின்னக் கல்லில் இந்த வித்தியாசம் ஒரு மில்லிமீற்றருக்கு மேலும் போகலாம். ஒரு பிழை கூட்டும், மற்றது குறைக்கும், சராசரியில் சரியாகிவிடும் என்று ஒரு தம்பி சொன்னார். அவை கூட்டுவதும் குறைப்பதும் ஒரே அளவை அல்ல: மென்திசு விண்டோ கல்லின் அகலத்தை ஊதிக் காட்டும், குறுக்கு வெட்டு அதன் நீளத்தை மறைக்கும்.

"கானில் கல்" என்று மட்டும் எழுதுவது

2002 இல் வெளியான ஒரு சீ.ரி. ஆய்வில், மேல் பகுதிக் கற்களில் 48 வீதமும் கீழ்ப் பகுதியில் 75 வீதமும் சிறுநீர்ப்பை வாசலில் 79 வீதமும் தானாக வெளியேறின. ஆகவே இடம் எழுதாத அளவு அரைகுறை. இடுப்புத் திரிக மூட்டின் மேல் விளிம்புக்கு மேலே மேல் பகுதி, மூட்டின் நேரே நடுப் பகுதி, அதற்குக் கீழே கீழ்ப் பகுதி. சும்மா "கீழே" என்று கண்மட்டத்தில் சொல்லாமல் எலும்பைப் பாருங்கள்.

பை வாசலில் நிற்கும் கல்

வாசலில் சிக்கியிருக்கிறதா, ஏற்கெனவே பைக்குள் விழுந்துவிட்டதா என்று மல்லாக்கப் படுத்த படத்தில் தெரியாது. குப்புறப் படுக்க வைத்துக் கீழ்ப் பகுதியை மட்டும் திரும்ப எடுங்கள். முன்னுக்கு உருண்டு வந்தால், கல் கானைத் தாண்டிவிட்டது.

இடுப்புக் குழியில் வெள்ளைப் புள்ளி

நாளத்துக்குள் படிந்த சுண்ணமும் அப்படித்தான் தெரியும். சிறுநீரகத்திலிருந்து கானைப் படம் படமாகப் பின்தொடர்ந்து வாருங்கள். கான் புள்ளியில் போய் முடியாவிட்டால் அதைக் கல் என்று எழுதாதீர்கள். புள்ளியைச் சுற்றி மெல்லிய திசு வளையம் தெரிந்தால் கல் என்ற பக்கம் பலமாகும்.

HU எண்ணைப் பார்த்து "போகும்" என்பது

அந்த எண், கல் அதிர்வலையால் உடைபடுமா என்று யோசிப்பவருக்கு.

வலி நின்றால்

கல் போனதாக அர்த்தமில்லை. றிப்போட்டிலேயே மீள்பரிசோதனைத் திகதி கேளுங்கள்.

காய்ச்சலும் அடைப்பும் சேர்ந்தால்

அளவுகோலை வைத்துவிட்டு வாட்டுக்குப் போன் எடுங்கள்.