ரீட் வாங்க விலை அலர்ட்டை எந்த எண்ணில் வைப்பது?

வாடகைக் கட்டடங்களில் முதலீடு செய்யும் எம்பசி போன்ற ரீட் யூனிட்டை 6.5% ஈல்டு, அதாவது விலையில் 6.5% ஆண்டு வருமானம், கிடைக்கும்போதுதான் வாங்குவேன் என்று முடிவு செய்துவிட்டீர்களா? புரோக்கர் செயலிகளில் பெரும்பாலும் விலைக்குத்தான் அலர்ட் வைக்க முடியும். அதனால் ஈல்டை விலையாக மாற்றிக்கொள்ளுங்கள்.

கடைசி நான்கு காலாண்டுகளில் ஒரு யூனிட்டுக்கு 5.80, 5.90, 6.00, 6.30 ரூபாய் வந்தது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 24 ரூபாய். அதை 0.065-ஆல் வகுத்தால் 369.23. சரி, 369 ரூபாய்க்கு அலர்ட் வைத்துவிடலாம். கூகுள் ஷீட்டில் B2-இல் இந்த 24-ஐப் போட்டால் இன்றைய ஈல்டும் தெரியும்:

```
=B2/GOOGLEFINANCE("NSE:EMBASSY","price")
```

24-ஐ நீங்களேதான் தட்ட வேண்டும். இணையதளங்கள் காட்டும் டிவிடெண்ட் ஈல்டை நம்பி எடுக்காதீர்கள். ரீட் தரும் பணத்தில் டிவிடெண்ட், வட்டி, திருப்பிச் செலுத்தப்பட்ட கடன் என்று பல பகுதிகள் இருக்கும். சில தளங்கள் டிவிடெண்டை மட்டும் கணக்கில் எடுக்கும். பங்குச் சந்தைக்கு ரீட் அனுப்பும் அறிவிப்பில் முழுத் தொகையும் பிரித்தே இருக்கும். வரியும் பகுதிக்குப் பகுதி மாறும்.

ஒவ்வொரு காலாண்டு அறிவிப்பு வந்ததும் பழைய 5.80-ஐ எடுத்துவிட்டுப் புதியதைச் சேருங்கள். 6.40 வந்தால் மொத்தம் 24.60, அலர்ட் 378. குறைந்து 5.00 வந்தால் 23.20, அலர்ட் 357-க்கு இறங்கும். இதை மாற்றாமல் விட்டால் 369-இல் மணி அடிக்கும். ஆனால் அப்போது கையில் கிடைப்பது 6.3% மட்டுமே.